பிரதிபலிப்பு என்ற சொல்: ஸ்கர்ட்டின் நீளம் குறித்துச் சில குறிப்புகள்

ஒரு சமூகத்தின் மனநிலையை அதன் பெண்கள் அணியும் ஸ்கர்ட்டின் நீளத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை மேற்கில் வெகு நாட்களாக இருந்துவருகிறது. செழிப்பான காலத்தில் ஸ்கர்ட்டின் விளிம்பு மேலே ஏறும், நெருக்கடிக் காலத்தில் கீழே இறங்கும் என்பது அதன் சுருக்கம். இருபதாம் நூற்றாண்டு முழுவதையும் இந்த வாய்பாட்டுக்குள் அடக்கிக் காட்டும் பட்டியல் ஒன்றும் உண்டு. 1920களில் முழங்கால் வரை: செழிப்பு, ஜாஸ், வாக்குரிமை. 1930களில் மறுபடியும் நீளம்: மந்தம், சோர்வு. யுத்த காலத்தில் குட்டை: துணிப் பஞ்சம். 1947-ல் நீளம்: பெண்கள் வீடு திரும்பினார்கள். 1960களில் மினி: விடுதலை. 1970களில் இறக்கம்: எண்ணெய் நெருக்கடி. பத்திரிகைகளின் ஞாயிறு இதழ்களுக்கு இது சலிக்காத விஷயம்.

இந்தப் பட்டியலைச் சற்று நிதானமாகப் படித்தால் ஒரு விநோதம் தென்படும். 1920களின் ஸ்கர்ட் குட்டையாக இருந்ததற்குக் காரணம் வளம். 1942-ன் ஸ்கர்ட் குட்டையாக இருந்ததற்குக் காரணம் பஞ்சம். நீளம் ஏறக்குறைய ஒன்று. காரணங்கள் நேர் எதிர். ஆனாலும் இரண்டிலும் ஸ்கர்ட் சமூகத்தைப் 'பிரதிபலித்தது' என்று சொல்வதில் நமக்குச் சிரமம் ஏதும் ஏற்படுவதில்லை. எதிரெதிரான இரண்டு முகங்களுக்கு ஒரே பிம்பத்தைத் தரும் பொருளை நாம் கண்ணாடி என்று அழைப்பதில்லை. இங்கே மட்டும் அழைக்கிறோம்.

ஸ்கர்ட்டைப் பற்றி நான் எழுதுவதற்கு இந்தச் சொல்தான் காரணம். இலக்கியத்தைப் பற்றிப் பேசும்போது நம்மிடையே அதிகம் புழங்கும் சொற்களில் ஒன்று பிரதிபலிப்பு. ஒரு நாவல் மத்தியதர வர்க்கத்தின் சரிவைப் பிரதிபலிக்கிறது என்கிறோம். ஒரு கவிதை காலத்தின் அந்நியமாதலைப் பிரதிபலிக்கிறது என்கிறோம். நாவலில் இதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. நாவலை அங்குலக்கோலால் அளக்க முடியாது. ஸ்கர்ட்டை அளக்க முடியும். அளந்தும் இருக்கிறார்கள். எனவே அந்தச் சொல் எவ்வளவு கனம் தாங்கும் என்று அறிய ஸ்கர்ட் நல்ல உரைகல். இதில் ஒரு நியாயப் பிரச்னையும் இருக்கிறது. உடை ஒரு காலத்தின் ஆவணமாகும்போது, அதற்குள் நின்ற பெண் என்னவாகிறாள்?

1

ஸ்கர்ட்டையும் பொருளாதாரத்தையும் இணைக்கும் கொள்கைக்கு மூலவராக வழக்கமாகச் சொல்லப்படுபவர் ஜார்ஜ் டெய்லர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியைச் சேர்ந்த பொருளாதாரவாதி. 1920களில் அவர் ஆராய்ந்தது பங்குச் சந்தையை அல்ல, ஸ்டாக்கிங்ஸ் எனப்படும் நீண்ட காலுறைகளை நெய்யும் தொழிலை. ஸ்கர்ட் ஏறியபோது கால் வெளியே தெரிந்தது. கால் தெரிந்ததால் நல்ல காலுறைக்குக் கிராக்கி கூடியது. ஒரு தொழிலின் விற்பனை ஏன் பெருகியது என்பதற்கான எளிய விளக்கம் இது. இதில் ஸ்கர்ட் காரணம், காலுறை விற்பனை காரியம். பிற்காலத்தில் கதையைத் திருப்பிவிட்டார்கள். கையில் பணம் இருந்ததால் பெண்கள் பட்டுக் காலுறை வாங்கினார்கள், அதைக் காட்ட ஸ்கர்ட்டை உயர்த்தினார்கள். பணம் போனதும் காலுறை இல்லாததை மறைக்க ஸ்கர்ட்டை இறக்கினார்கள் என்றாயிற்று. காரியம் காரணமாகிவிட்டது. பெயர் மட்டும் டெய்லருடையதாக இருந்துவருகிறது.

இந்தக் கதைக்குப் பிரதான சாட்சி 1929. அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்தது, ஸ்கர்ட்டும் விழுந்தது என்பார்கள். ஆனால் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். பாரிஸ் உடை நிலையங்கள் குளிர்காலத்துக்கான உடைகளைக் கோடையிலேயே காட்டிவிடுவது வழக்கம். ழான் பத்தூ தன் நீண்ட ஸ்கர்ட்டுகளை மேடையேற்றியது 1929-ன் கோடையில். அப்போது சந்தை உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அதற்கும் முன்பே, 1927, 28-ல், மாலை உடைகளின் விளிம்பு நேர்கோடாக இருப்பதை விட்டுவிட்டது. முன்பக்கம் முழங்காலிலும் பின்பக்கம் கணுக்கால் அருகிலுமாக இறங்கியது. கைக்குட்டை முனைகள் போலத் தொங்கியது. நீளம் தயக்கத்தோடு, பகுதி பகுதியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. சந்தை வீழ்ச்சி என்ற சம்பவம் வந்து சேருவதற்குள் ஸ்கர்ட்டின் வீழ்ச்சி பெரும்பாலும் முடிந்துவிட்டது.

அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தையும் பட்டியல்காரர்கள் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். 1915, 16-லேயே, முதல் யுத்தத்தின் நடுவில், ஸ்கர்ட் கணுக்காலுக்கு நன்றாக மேலே ஏறி அகலமாக விரிந்திருந்தது. பிறகு இறங்கியது. 1922, 23-ல் ஏறக்குறைய கணுக்காலுக்கே வந்துவிட்டது. அமெரிக்கா மந்தத்திலிருந்து மீண்டு வளர்ந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. முழங்கால் அளவு என்பது 1926-லிருந்து ஏறக்குறைய மூன்று வருஷம் நீடித்த விஷயம். அந்த மூன்று வருஷத்தைத்தான் நாம் 'இருபதுகள்' என்று ஞாபகம் வைத்திருக்கிறோம்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நீளமான ஸ்கர்ட்டுக்கு அதிகத் துணி வேண்டும். கையில் காசில்லாத ஜனங்கள் அதிகத் துணி கேட்கும் மோஸ்தருக்கு ஏன் மாறவேண்டும்? சோர்ந்த மனம் உடலை மூடிக்கொள்ளும் என்பது இதற்குச் சொல்லப்படும் பதில். இது கவித்துவமான பதில். 1942-ல் சோர்வும் மரணமும் அதைவிட அதிகமாக இருந்தபோது ஸ்கர்ட் முழங்காலில் நின்றதற்கு இந்தக் கவித்துவம் உதவாது.

ரோட்டர்டாமில் இருக்கும் எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2010-ல் இதைப் புள்ளியியல் முறையில் சோதித்தார்கள். 1921 முதல் 2009 வரை மாதவாரியாக ஸ்கர்ட்டின் நீளத்தை எடுத்து, பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டார்கள். தொடர்பு இருக்கிறது, ஆனால் ஸ்கர்ட் சுமார் மூன்று வருஷம் பின்தங்கி வருகிறது என்பது அவர்கள் முடிவு. கொள்கைக்காரர்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கை 1929-ல் வைத்துப் பார்த்தால், அந்த வருஷம் இறங்கிய ஸ்கர்ட் 1926-ன் பொருளாதாரத்துக்குச் சொந்தமாக வேண்டும். 1926 வீழ்ச்சியின் வருஷமே அல்ல. தொண்ணூறு வருஷங்களின் சராசரியில் தென்படும் ஒரு போக்கு, அந்தக் கொள்கையின் தலைசிறந்த உதாரணத்தையே விளக்கத் தவறுகிறது.

2

நீளத்தை முதலில் ஒழுங்காக அளக்க முனைந்தவர் பொருளாதாரவாதியல்ல, மானுடவியலாளர். ஆல்ஃபிரட் க்ரோபர் 1919-ல் ஒரு கட்டுரையிலும், பின்னர் ஜேன் ரிச்சர்ட்சனோடு சேர்ந்து 1940-ல் ஒரு விரிவான ஆய்விலும் இதைச் செய்தார். மோஸ்தர்ப் பத்திரிகைகளில் வெளியான மாலை உடைப் படங்களை எடுத்துக்கொண்டார்கள். படத்திலிருக்கும் பெண்ணின் வாயின் மையத்திலிருந்து கால் நுனி வரை உயரத்தை அளந்து, அதற்கு விகிதமாக ஸ்கர்ட்டின் நீளம், அகலம், இடுப்பின் உயரம், இடுப்பின் அகலம், கழுத்து வெட்டின் ஆழம், அகலம் என்று ஆறு அளவுகள். வருஷத்துக்குச் சில படங்கள் வீதம் ஒன்றரை நூற்றாண்டுக்குத் தொடர்ச்சியாகவும், அதற்கு முந்திய காலத்துக்குக் கிடைத்த அளவிலும் செய்தார்கள்.

அவர்களுடைய முதல் முடிவு, இந்த அளவுகள் தனி மனிதர்களின் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் மெதுவான, நீண்ட அலைகளாக ஏறி இறங்குகின்றன என்பது. ஒரு முழு அலைக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு. எந்த உடை நிபுணரும் அந்த அலைக்கு முன் பெரிய ஆளில்லை என்று க்ரோபர் நினைத்தார். இதற்குள் நான் போகவில்லை. மாலை உடைகளின் சித்திரங்களை வைத்து ஆலைக்குப் போகும் பெண்ணைப் பற்றிப் பேச முடியாது என்ற ஆட்சேபமும் இருக்கிறது, நியாயமான ஆட்சேபம்.

எனக்கு முக்கியமாகப் படுவது அவர்களுடைய இரண்டாவது முடிவு. சமூகக் கொந்தளிப்புக்கும் உடைக்கும் தொடர்பு உண்டா என்று தேடியபோது, குறிப்பிட்ட எந்த நீளத்தோடும் அது இணையவில்லை. பிரெஞ்சுப் புரட்சியும் நெப்போலியனின் யுத்தங்களும் நடந்த காலத்தில், பிறகு முதல் உலக யுத்தத்திலும் அதையடுத்தும், கூடியது வேறொன்று: உடைகளுக்கிடையே இருந்த வேறுபாடு. ஒரே வருஷத்தின் படங்கள் ஒன்றுக்கொன்று அதிகம் விலகின. ஒரு வருஷத்துக்கும் அடுத்ததற்கும் இடையே துள்ளல் அதிகமாயிற்று. அமைதியான காலத்தில் எல்லாப் படங்களும் சராசரியை ஒட்டி நெருங்கி நின்றன. கலக்கம் ஸ்கர்ட்டை மேலே தூக்கவுமில்லை, கீழே இழுக்கவுமில்லை. ஒருமைப்பாட்டைக் குலைத்தது.

வங்கியில் கணக்குப் புத்தகங்களோடு நாளைக் கழிப்பவனுக்கு இது புதிதல்ல. இரண்டு கணக்குகளில் மாதத்தின் சராசரி இருப்பு ஒன்றாகவே இருக்கும். ஒன்றில் பணம் அசையாமல் கிடந்திருக்கும். மற்றதில் முதல் தேதி சம்பளம் விழுந்து பத்தாம் தேதிக்குள் துடைத்தெடுக்கப்பட்டிருக்கும். அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதை இருப்பு சொல்லாது. பதிவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது சொல்லும். ஸ்கர்ட்டைப் பற்றிய பேச்சு முழுவதும் சராசரியைப் பற்றியே நடந்துவந்திருக்கிறது. எவ்வளவு நீளம் என்று கேட்டோம். எத்தனை பேர் அந்த நீளத்திலிருந்து விலகி நிற்க முடிந்தது என்று கேட்கவில்லை. இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு வருஷங்களைப் பார்க்கலாம்: 1947, 1970. இரண்டிலும் ஸ்கர்ட்டை இறக்கச் சொன்னார்கள். முதலில் இறங்கியது. பிறகு இறங்கவில்லை.

3

1947-ஐப் புரிந்துகொள்ள 1941-லிருந்து தொடங்க வேண்டும். அந்த வருஷம் ஜூன் 1-ந் தேதி பிரிட்டனில் உடைகளுக்கு ரேஷன் வந்தது. முதல் வருஷத்துக்கு ஆளுக்கு 66 கூப்பன்கள். ஒரு கம்பளி உடைக்கு 11 கூப்பன், பருத்தி உடைக்கு 7. பிறகு கூப்பன்களின் எண்ணிக்கை குறைந்தது. 1942-ல் தையலுக்கே விதிகள் வந்தன: எத்தனை கொசுவம், எத்தனை பொத்தான், எத்தனை பை என்று அரசாங்கம் நிர்ணயித்தது. அதே வருஷம் அமெரிக்காவில் யுத்த உற்பத்தி வாரியம் எல்-85 என்ற ஆணையைப் பிறப்பித்தது. ஸ்கர்ட்டின் நீளத்துக்கும் சுற்றளவுக்கும் அது உச்சவரம்பு விதித்தது. இதைவிட முக்கியமான ஒரு வரி அதில் இருந்தது: ஸ்கர்ட்டின் கீழ்மடிப்பு இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது.

நம் வீடுகளில் வளரும் பெண்ணுக்குப் பாவாடை தைக்கும்போது உள்ளே மடித்துத் தைப்பது எல்லாருக்கும் தெரியும். வருஷம் போகப் போக மடிப்பைப் பிரித்துவிடுவார்கள். ஸ்கர்ட்டின் கீழ்மடிப்புக்கும் அந்த உபயோகம் உண்டு. மோஸ்தர் மாறினால் மடிப்பைப் பிரித்து இரண்டு மூன்று அங்குலம் இறக்கிக்கொள்ளலாம். எல்-85 அந்த வழியை அடைத்தது. ஆணையின் நோக்கம் துணியை மிச்சம்பிடிப்பது மட்டுமல்ல. மோஸ்தரையே உறைய வைப்பது. உடையின் உருவம் மாறாமல் இருந்தால் ஏற்கனவே இருக்கும் உடைகள் பழசாகிவிடாது, யாரும் புதிது வாங்கத் தேவையிருக்காது என்ற கணக்கு. யுத்தம் இருந்தவரை கணக்கு சரியாகத்தான் இருந்தது. யுத்தம் முடிந்தபோது, லட்சக்கணக்கான பெண்களின் அலமாரிகளில் ஒரே நீளமுள்ள, இறக்க வழியற்ற, நாலைந்து வருஷம் உடுத்தித் தேய்ந்த ஸ்கர்ட்டுகள் இருந்தன.

1947 பிப்ரவரி 12-ந் தேதி பாரிஸில், மொந்தேன் அவென்யூ 30-ம் எண் வீட்டில், கிறிஸ்டியன் டியோர் தன் முதல் உடைக் காட்சியை நடத்தினார். ஒடுங்கிய இடை, பட்டியலிட்டுச் செதுக்கிய இடுப்பு, கெண்டைக்காலையும் தாண்டி இறங்கும் ஸ்கர்ட். சில உடைகளுக்கு 15, 20 கெஜம் துணி போயிற்று. 'நியூ லுக்' என்று அமெரிக்கப் பத்திரிகையாசிரியை கார்மெல் ஸ்நோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. டியோருக்கு முதல் போட்டவர் மார்ஸெல் பூஸாக், பிரான்ஸின் மிகப் பெரிய பருத்தி ஆலை முதலாளி. துணி விற்பவர் துணி அதிகம் கேட்கும் மோஸ்தருக்குப் பணம் போட்டார் என்பதைச் சதியாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் சமூகத்தின் ஆழ்மனம் நீளத்தை விரும்பியது என்று எழுதுகிறவர்கள் பூஸாக்கின் பெயரையும் ஒரு முறை எழுதிவிட்டுப் போகலாம்.

எதிர்ப்பு உடனே வந்தது. பாரிஸில் லெபிக் தெருவில் புதிய உடையில் புகைப்படத்துக்கு நின்ற பெண்ணை அங்கிருந்த பெண்கள் சூழ்ந்து, உடையைப் பிடித்துக் கிழித்தார்கள். ரொட்டிக்கும் பாலுக்கும் வரிசையில் நிற்கும் ஊரில் அந்தத் துணி அவர்கள் கண்ணை உறுத்தியது. பிரிட்டனில் உடை ரேஷன் 1949 மார்ச் வரை நீடித்தது. நீண்ட ஸ்கர்ட் துணியை விரயம் செய்வது என்று அமைச்சர் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ் கண்டித்தார். அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் பெண்கள் 'முழங்காலுக்குச் சற்றுக் கீழே' என்ற பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பல மாநிலங்களுக்கு அது பரவியது. டியோர் சிகாகோவுக்குப் போனபோது அட்டைகளோடு எதிரே நின்றார்கள்.

ஒரு வருஷத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. 1948-ல் நீண்ட ஸ்கர்ட்தான் ஸ்கர்ட். சரித்திரப் பட்டியல்கள் இந்த முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, யுத்தம் முடிந்ததும் பெண்கள் மறுபடி பெண்மைக்கும் வீட்டுக்கும் ஏங்கினார்கள், ஸ்கர்ட் அதைப் பிரதிபலித்தது என்கின்றன. ஏங்கியவர்கள் இருந்தார்கள், சந்தேகமில்லை. ஆறு வருஷம் சீருடை போன்ற உடைகளில் இருந்தவர்களுக்கு நிறையத் துணி என்பதே ஒரு விருந்தாக இருந்திருக்கும். ஆனால் சங்கம் வைத்தவர்களும் கடைசியில் அதையே உடுத்தினார்கள். அவர்களுடைய பழைய ஸ்கர்ட்டுகள் தேய்ந்துவிட்டன. மடிப்பைப் பிரித்தால் இரண்டு அங்குலத்துக்கு மேல் கிடைக்காது. வேறு துணியில் பட்டை வெட்டி ஒட்டுப்போட்டால், ஒட்டு என்று ஊருக்குத் தெரியும். கடைக்குப் போனால் புதிய நீளத்தில்தான் கிடைத்தது. விரும்பி உடுத்தியவளின் ஸ்கர்ட்டும் வேறு வழியில்லாமல் உடுத்தியவளின் ஸ்கர்ட்டும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் நின்றன. நீளத்தை மட்டும் அளப்பவனால் இருவரையும் பிரித்தறிய முடியாது. 'சமூகம் விரும்பியது' என்று எழுதும்போது அவன் முதலாமவளின் வாக்கை இரண்டு முறை எண்ணுகிறான்.

4

மினியின் கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால் அதன் தூசி படிந்த மூலைகளை மட்டும் குறிப்பிடுகிறேன். 1964, 65-ல் பாரிஸில் கூரேஜும் லண்டனில் மேரி க்வாண்டும் முழங்காலுக்கு மேலே போனார்கள். விடுதலை, கருத்தடை மாத்திரை, இளைஞர் கலாசாரம் என்று இதற்குக் கூறப்படும் காரணங்கள் பொய்யல்ல. ஆனால் அதே சமயத்தில் வேறு சில காரியங்களும் நடந்தன. இடுப்பு வரை ஒரே துண்டாக வரும் டைட்ஸ் கடைகளுக்கு வந்தது. அது இல்லாமல், தொடையில் கொக்கி மாட்டும் ஸ்டாக்கிங்ஸோடு, மினியைத் தெருவில் உடுத்தியிருக்க முடியாது. பிரிட்டனில் குழந்தைகளின் உடைக்குக் கொள்முதல் வரி கிடையாது. குழந்தையின் ஸ்கர்ட் எது என்பதை நீளத்தை வைத்தே நிர்ணயித்திருந்தார்கள். 24 அங்குலத்துக்குக் குறைந்தால் குழந்தையுடையது. வளர்ந்த பெண்கள் வரியில்லாமல் ஸ்கர்ட் வாங்கினார்கள். வரி இலாகா பிறகு விழித்துக்கொண்டு மார்பளவை வைத்து வகைப்படுத்த ஆரம்பித்தது.

1965 அக்டோபர் 30-ந் தேதி மெல்போர்ன் குதிரைப் பந்தயத்துக்கு ஆங்கில மாடல் ஜீன் ஷ்ரிம்ப்டன் முழங்காலுக்கு நான்கு அங்குலம் மேலே நின்ற வெள்ளை உடையில், தொப்பியும் கையுறையும் காலுறையும் இல்லாமல் வந்தார். ஆஸ்திரேலியா அதிர்ந்தது, ஒரு யுகம் முடிந்ததாக இன்றும் எழுதுகிறார்கள். அந்த உடை அவ்வளவு குட்டையாக இருந்ததற்குக் காரணம், துணி நிறுவனம் அனுப்பிய துணி போதவில்லை என்பது. இருப்பதை வைத்துத் தைத்துவிடலாம், யார் கவனிக்கப்போகிறார்கள் என்று அவர் தையற்காரரிடம் சொல்லியிருக்கிறார். அர்த்தம் பின்னால் வந்து சேர்ந்தது. அதனால் அது பொய்யான அர்த்தம் என்று நான் சொல்லமாட்டேன். அதைப் பார்த்த இளம் பெண்கள் அதைத் தங்கள் அர்த்தமாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அது அவர்கள் செய்த காரியம், உடை பிரதிபலித்ததல்ல.

1970-க்கு வருவோம். கெண்டைக்கால் வரை நீளும் மிடியை அந்த வருஷம் கொண்டுவந்தே தீருவது என்று மோஸ்தர் உலகம் தீர்மானித்தது. ஜான் ஃபேர்சைல்டின் 'விமன்ஸ் வேர் டெய்லி' தினமும் மிடி புகழ் பாடியது. பெரிய கடைகள் சரக்கை நிரப்பின. சில கடைகளில் விற்பனைப் பெண்கள் மிடி அணிந்துதான் வேலைக்கு வர வேண்டும் என்று உத்தரவு. பொருளாதார வாய்பாட்டின்படி இது வெற்றிபெற்றிருக்க வேண்டிய மோஸ்தர். அமெரிக்கா 1969 டிசம்பரிலிருந்து 1970 நவம்பர் வரை மந்தத்தில் இருந்தது. வியட்நாம், கல்லூரி வளாகங்களில் துப்பாக்கிச் சூடு என்று சோர்வுக்குக் குறைவில்லை. வாய்பாடும் வியாபாரமும் ஒரே திசையில் இழுத்தன.

பெண்கள் வாங்கவில்லை. 1947-ல் போலவே எதிர்ப்புச் சங்கங்கள் தோன்றின. ஆனால் இந்த முறை மிடியைத் தோற்கடித்தவை சங்கங்கள் அல்ல. பழைய மினிகள் தேயாமல் அலமாரியில் இருந்தன. அதைவிட, கால்சட்டை வந்துவிட்டது. 1960களின் இறுதிக்குள் கால்சட்டையும் மேல்சட்டையுமாக அலுவலகத்துக்குப் போவது மெல்ல மெல்லச் சாத்தியமாகியிருந்தது. மினியா மிடியா என்று கேட்டபோது, ஸ்கர்ட்டே வேண்டாம் என்று பதில் சொல்ல இடமிருந்தது. பலர் அந்தப் பதிலைச் சொன்னார்கள். மிடி கடைகளில் தேங்கியது.

1947-ல் பெண்கள் பணிந்தவர்கள், 1970-ல் துணிந்தவர்கள் என்று இதைப் படிப்பது தவறாகும். சிகாகோவில் அட்டை பிடித்தவர்களுக்குத் துணிச்சல் குறைவில்லை. அவர்களுக்கு அலமாரியில் ஒன்றுமில்லை, அவ்வளவுதான். மனநிலை என்று நாம் பெயரிடுவது பல சமயங்களில் மாற்று வழி உண்டா இல்லையா என்ற ஸ்தூலமான விஷயம். அதை அறிய உடையை உற்றுப் பார்த்துப் பிரயோஜனமில்லை. அவள் வாங்கியதற்குப் பக்கத்தில் கடையில் வேறென்ன தொங்கியது, அவளுடைய பழைய உடை எந்த நிலையில் இருந்தது, மடிப்பில் எத்தனை அங்குலம் மிச்சமிருந்தது என்று பார்க்க வேண்டும்.

5

நியாயப் பிரச்னை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 'ஸ்கர்ட் சமூகத்தைப் பிரதிபலித்தது' என்ற வாக்கியத்தில் செயல்படுகிறவர்கள் யாருமில்லை. துணிக்கு உச்சவரம்பு விதித்த வாரியம், முதல் போட்ட ஆலைக்காரர், வரியை அங்குலத்தில் நிர்ணயித்த இலாகா, பட்டை வெட்டி ஒட்டுப்போட்டவள், அட்டை பிடித்தவள், கால்சட்டைக்கு மாறியவள் எல்லாரும் மறைந்துவிடுகிறார்கள். சமூகம் என்ற ஒரு முகமும் ஸ்கர்ட் என்ற ஒரு கண்ணாடியும் மட்டும் மிஞ்சுகின்றன. யார் தீர்மானித்தார்கள், யாருக்கு மறுக்க முடிந்தது, யாருக்கு முடியவில்லை என்ற கேள்விகள் இலக்கணத்திலேயே அடைபட்டுப்போகின்றன. கட்டாயத்தால் உடுத்தியவளின் காலையும் அவளுடைய காலத்தின் ஆசைக்குச் சாட்சியாக நிறுத்துவது, அவளுக்கு இரண்டாவது முறையாக இழைக்கப்படும் அநியாயம். முதல் முறை உடை விற்றவர் செய்தது. இரண்டாவது முறை செய்வது அர்த்தம் சொல்லும் நாம். நாவல்களிலும் கவிதைகளிலும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோமா என்பதை அவரவர் எழுதிய விமர்சனங்களைத் திரும்பப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

இப்படிச் சொல்வதால் உடைக்கும் சமூகத்துக்கும் தொடர்பில்லை என்றாகாது. தொடர்பு இருக்கிறது, நாம் தேடிய இடத்தில் இல்லை. சுமார் 1910 வரை மேற்கில் கௌரவமான பெண் என்றால் ஸ்கர்ட் கணுக்காலைத் தொட வேண்டும். அளவு ஒன்று, அது நகரவுமில்லை. 1910-லிருந்து 1970 வரை அளவு நகர்ந்தது; ஆனால் அநேகமாக எல்லாருக்கும் சேர்ந்து நகர்ந்தது. அந்த அறுபது வருஷங்களில்தான் 'இந்த வருஷம் எவ்வளவு நீளம்?' என்ற கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. மிடியின் தோல்விக்குப் பிறகு அந்தப் பதில் உடைந்தது. மினியும் மிடியும் மாக்ஸியும் கால்சட்டையும் ஒரே தெருவில் நடந்தன, இன்றும் நடக்கின்றன. ஏறியதும் இறங்கியதும் அல்ல, ஒரே நீளத்துக்கு எல்லாரும் கட்டுப்பட்டதும் பின் கட்டுப்படாமல் போனதுமே அந்த நூற்றாண்டில் நடந்த காரியம்.

ஆனாலும் வரைபடங்கள் நிற்கவில்லை. 1970-க்குப் பிந்திய வருஷங்களுக்கும் பத்திரிகைப் படங்களிலிருந்து நீளத்தைத் தொகுத்து, பொருளாதாரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கணுக்கால் வரை நீண்ட ஒரு ஸ்கர்ட்டையும் தொடையோடு நின்ற ஒரு ஸ்கர்ட்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால், முழங்காலுக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு புள்ளி கிடைக்கும். அந்த இருவரில் யாருமே அந்த நீளத்தில் உடுத்தியிருக்கவில்லை.